படத்தில் இருக்கும் கணக்கை ஒரே வரியில் எழுதுவது எப்படி?

கேள்வி: பாடப்புத்தகத்தைப் போனில் படம் எடுத்து, அதிலுள்ள கணக்குகளைச் சாதாரண எழுத்தில் டைப் செய்து மாணவர்களுக்கு அனுப்புகிறேன். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் வசதியைப் பயன்படுத்தினால் பத்தின் அடுக்கு ஐந்து 105 ஆகிவிடுகிறது. நானே டைப் செய்தாலோ ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். பின்னத்தையும் அடுக்கையும் தப்பில்லாமல் எப்படி எழுதுவது?

பதில்: அச்சுப் பக்கத்தில் மேல், கீழ், சிறிது, பெரிது எல்லாவற்றுக்கும் பொருள் உண்டு. நீங்கள் டைப் செய்யும் வரிக்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது. அதனால் பக்கத்தில் இடம் சொன்ன வேலையை வரியில் அடைப்புக்குறிதான் சொல்ல வேண்டும். நீளமான பின்னக்கோடு ஒன்றைப் பார்த்தால், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஜோடி அடைப்புக்குறிகள் ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தொகுதிக்கு ஒன்று, பகுதிக்கு ஒன்று. உயரத்தில் சிறிதாக அச்சிட்ட அடுக்குக்குள்ளும் ஒரு ஜோடி இருக்கிறது. உங்கள் மாணவர்களுக்கு ஆளுக்கொரு விடை வருவது பெரும்பாலும் இந்த ஜோடிகளில் ஒன்று விட்டுப்போவதால்தான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். புத்தகத்தில் இப்படி இருக்கிறது:

```
       n+1
      x    - 1
y = ------------
           3
     2 + -----
         x - 1
```

இதை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே டைப் செய்யாதீர்கள், அங்கேதான் சறுக்கும். முதலில் பெரிய கோடு எது என்று பாருங்கள். அச்சில் அது சமக்குறியின் நடு உயரத்திலேயே ஓடும், பெரும்பாலும் நீளமானதும் அதுவாகத்தான் இருக்கும். அதை மட்டும் வெற்று அடைப்புக்குறிகளோடு எழுதுங்கள். அப்புறம் உள்ளே போய் நிரப்புங்கள்:

```
y = ( ) / ( )
y = (x^( ) - 1) / (2 + ( )/( ))
y = (x^(n+1) - 1) / (2 + 3/(x - 1))
```

அடுக்குக்கு `^` குறி. கடைசி வரியில் 3 தனி எண் என்பதால் அதைச் சுற்றியிருந்த அடைப்புக்குறியை எடுத்துவிட்டேன். ஒற்றை எண்ணுக்கும் ஒற்றை எழுத்துக்கும் அது தேவையில்லை. கூட்டலோ கழித்தலோ பெருக்கலோ உள்ளே இருந்தால் தேவை. சந்தேகம் வந்தால் போட்டுவிடுங்கள். அடைப்புக்குறி கூடினால் பார்க்கத்தான் அழகில்லை, விடை மாறாது.

எழுதியது சரிதானா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. நாம் என்ன எழுத நினைத்தோமோ அதையே கண் படிக்கும். எண்ணைப் போட்டுப் பாருங்கள். x = 4, n = 2 என்று வைத்து, படத்தைப் பார்த்துத் தாளில் போட்டால் தொகுதி 64 - 1 = 63, பகுதி 2 + 3/3 = 3, விடை 21. இப்போது டைப் செய்த வரியைக் கணிப்பானில் போட்டாலும் 21 வர வேண்டும். `x - 1`-ஐச் சுற்றிய குறி விட்டுப்போயிருந்தால் பகுதி 1.75 ஆகி, 36 வரும். அடுக்கின் குறி விட்டுப்போயிருந்தால் `x^n+1` என்பது 16 + 1 ஆகி, விடை 5.33 என்று வரும். ஒரு குறியும் போடாமல் `x^n+1-1/2+3/x-1` என்று எழுதியிருந்தால் 16.25. ஒரே கணக்குக்கு நான்கு விடைகள். எந்த விடை வருகிறது என்பதை வைத்தே எந்த ஜோடி தொலைந்தது என்று கண்டுபிடிக்கலாம்.

சோதிக்கும் எண்ணாக 0, 1, 2 வேண்டாம். 1-ன் எந்த அடுக்கும் 1 என்பதால் அடுக்குப் பிழை வெளியே தெரியாது. இரண்டு அதைவிட மோசம்: 2 + 2, 2 × 2, 2^2 மூன்றுக்கும் 4 தான். மேலே உள்ள கணக்கில் x = 2, n = 1 என்று வைத்தால், அடுக்கைப் பெருக்கலாக எழுதியிருந்தாலும் அதே விடை வந்து உங்களை ஏமாற்றிவிடும்.

கணிப்பான் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். `2^3^2` என்று எழுதினால் எக்செல் இடப்பக்கத்திலிருந்து தொடங்கி 64 என்கும். அச்சில் அடுக்குமேல் அடுக்காக இருப்பதன் பொருளோ 2^9, அதாவது 512. `=-3^2` என்றால் எக்செல்லில் 9, கணக்குப் புத்தகத்தில் -9. பைத்தானில் `^` அடுக்கே கிடையாது, அது வேறு வேலை செய்யும் குறி. அங்கே `**` போட வேண்டும். `2^(3^2)`, `-(3^2)` என்று எழுதிவிட்டால் முதல் இரண்டு தகராறும் எழாது.

இனி உங்கள் 105. எழுத்தை எடுக்கும் வசதி பல நேரம் எழுத்தின் உருவத்தை மட்டும் கொண்டு வரும், உயரத்தை விட்டுவிடும். அதனால் அடுக்கு அடிமானத்தோடு ஒட்டிக்கொள்ளும். `x2`, `r3` போன்றவை கண்ணில் பட்டுவிடும். 105 அப்படியில்லை, அது முழு எண்ணாகவே நிற்கும். கலப்பு பின்னம் இன்னும் ஆபத்து: இரண்டும் மூன்றில் ஒன்றும் என்பது `21/3` ஆகிவிட்டால் விடை 7. அதை `(2 + 1/3)` என்று எழுதுவதே என் வழக்கம். எடுத்த எழுத்தில் எண் இருக்கும் ஒவ்வொரு இடத்தையும் படத்தோடு ஒப்பிடுங்கள். அடுக்கில் வரும் கழித்தல் குறியைத் தனியாக ஒருமுறை தேடுங்கள், மங்கலான படத்தில் முதலில் காணாமல் போவது அதுதான். நடுத்தையல் பக்கம் தாள் வளைந்திருந்தால் எது உயர்ந்திருக்கிறது, எது வரியோடு இருக்கிறது என்பதே தெரியாது. புத்தகத்தை நன்றாக விரித்து, நேர் மேலிருந்து மறுபடி எடுத்துவிடுங்கள்.

சில கீபோர்டில் எண்ணை அழுத்திப் பிடித்தால் ² வருமே, அதைப் போடலாமா? x² மட்டும் என்றால் போடலாம், படிக்க நன்றாகவே இருக்கும். ஆனால் மூன்றில் இரண்டு போன்ற பின்ன அடுக்கு வந்தால் அந்த வழியில் ஒழுங்காக எழுத முடியாது. ஒட்டும் இடத்தைப் பொறுத்து அந்தச் சின்ன எழுத்து மறுபடி சாதாரண 2 ஆகிவிடுவதும் உண்டு. ஒரே கணக்கில் இரண்டு முறையையும் கலக்க வேண்டாம், `^` ஒன்றே போதும்.

`1/2x` என்று மட்டும் எப்போதும் எழுதாதீர்கள். அரை x என்று பாதிப் பேர் படிப்பார்கள், 2x-ல் ஒன்று என்று மீதிப் பேர் படிப்பார்கள், இருவரையும் குறை சொல்ல முடியாது. `x/2` அல்லது `1/(2x)` என்று எழுதுங்கள். வர்க்கமூலத்துக்கும் இதே கதைதான்: மூலக்குறியின் மேற்கோடு எங்கே முடிகிறதோ அதுவரை உள்ளே, `sqrt(b^2 - 4*a*c)`. கோடு b^2-க்கு மேலேயே நின்றுவிட்டால் `sqrt(b^2) - 4*a*c`. படத்தைப் பெரிதாக்கி அந்தக் கோட்டின் முனையைப் பார்த்துவிட்டு டைப் செய்யுங்கள்.