ரஃப் கட்டிலிருந்து லாக் வரை: எடிட்டரிடம் கேட்டவை

ஆசிரியை, சுங்கை சிப்புட்: பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற பாட்டி ஒருவரைப் பற்றிய ஆவணப்படம். காட்சிகளை வரிசையாகக் கோத்த முதல் வடிவம், அதாவது ரஃப் கட், 34 நிமிடம், போட்டிக்கோ 20தான். ஒவ்வொரு ஷாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரிக்கிறேன், குறையவே இல்லை.

அப்படிக் குறையாது டீச்சர். படத்தில் 200 வெட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 10 ஃபிரேம் எடுத்தால் மொத்தம் 2000 ஃபிரேம். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் அது 80 விநாடிதான். உங்களுக்குப் போக வேண்டியது 14 நிமிடம்.

அதனால் இப்போது ஷாட்டை விட்டுவிட்டுக் காட்சியைப் பாருங்கள். காட்சிக்கு ஒரு துண்டுத்தாள். இதில் பார்ப்பவருக்குப் புதிதாக என்ன தெரிகிறது என்று ஒரே வரி எழுதுங்கள். தோட்டம் கைமாறிய கதையைப் பாட்டி லயத்து வீட்டிலும் சொல்கிறார், கோயில் வாசலிலும் சொல்கிறார் என்றால் இரண்டு தாளிலும் ஒரே வரிதான் வரும். ஒன்றை முழுசாக எடுத்துவிடுங்கள். கோயில் காட்சியில் வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது என்பது அதை வைத்துக்கொள்ளக் காரணமாகாது. எடுப்பதற்கு முன் டைம்லைனை நகல் எடுத்து வைத்தால் கை தயங்காது. இப்படியே 21 நிமிடத்துக்கு வந்துவிட்டால், மீதி ஒரு நிமிடத்தை, ஷாட் ஷாட்டாகச் செதுக்கும் ஃபைன் கட் பார்த்துக்கொள்ளும்.

கல்யாண வீடியோ எடுப்பவர், பீடோர்: அண்ணே, நான் முதல் காட்சிக்குப் பாட்டு, கலர் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் அடுத்ததுக்குப் போவேன். இது தப்பா?

கல்யாணத்துக்குச் சரி தம்பி. அங்கே வரிசை முதலிலேயே முடிவாகிவிட்டது, தாலி கட்டும் காட்சியை யாரும் தூக்கப்போவதில்லை. கதைப் படத்தில் எந்தக் காட்சி மிஞ்சும் என்பதே ரஃப் கட்டில்தான் தெரியும். மூன்று நாள் கலர் செய்த காட்சியைத் தூக்க மனசு வராது. பாட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு, தொய்வை மூடிவிடும். பாட்டை நிறுத்திவிட்டுப் பாருங்கள், எங்கே இழுக்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் தற்காலிக இசையை வைத்தே தாளம் பிடிக்கும் நல்ல எடிட்டர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

ஒலி வேலை செய்பவர், ஈப்போ: இனி நீளமும் வரிசையும் மாறாது, லாக் என்று சொல்லிப் படத்தைக் கொடுத்துவிட்டு, நான் பாதி முடித்த பிறகு இயக்குநர் 30 ஃபிரேம் எடுத்துவிட்டார். ஒரு விநாடிதானே என்கிறார்.

4:10-இல் 30 ஃபிரேம் போனால், அதற்குப் பிறகு படத்தில் உள்ள எல்லாமே 1.2 விநாடி முன்னால் வந்துவிடும். வசனம், பறவைச் சத்தம், இசை எல்லாவற்றையும் நீங்கள் நகர்த்த வேண்டும். அந்த இடத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்த இசையை நகர்த்தினாலும் போதாது, ஒட்டுப்போட வேண்டும். எங்கே எத்தனை ஃபிரேம் போனது என்ற பட்டியலும், டைம்கோடு தெரியும் புதுப் பிரதியும் இல்லாமல் வேலையைத் தொடராதீர்கள். கட்டாயம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அதே நீளத்தில் வேறு ஷாட்டை மாற்றி வைக்கச் சொல்லுங்கள். அப்போது அந்த ஷாட்டின் ஒலியை மட்டும் பார்த்தால் போதும்.

லாக் செய்யும்போதே மொத்த ஃபிரேம் எண்ணிக்கையை எழுதி வைப்பது நல்லது. 20 நிமிடப் படம் என்றால் 30000. எண் மாறியிருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். எண் மாறவில்லை என்பதற்காக நம்பிவிடவும் முடியாது, ஓரிடத்தில் எடுத்ததை இன்னோரிடத்தில் சேர்த்திருக்கலாம்.

கல்லூரி மாணவர்: லாக்குக்குப் பிறகு எதையுமே தொடக்கூடாது, சரிதானே?

பாதி சரி. நீளத்தையும் வரிசையையும்தான் தொடக்கூடாது. கலரும் எழுத்துகளும் அதற்குப் பிறகுதான். ஆனால் மலாய் சப்டைட்டில் போடுவதாக இருந்தால், அதன் வரைவை ஃபைன் கட்டிலேயே போட்டுப் பாருங்கள். பாட்டி வேகமாகப் பேசி, ஷாட்டும் சட்டென்று மாறினால், இரண்டு வரியைப் படிப்பதற்குள் அவர் முகம் போய்விடும். லாக்குக்குப் பிறகு அது தெரிந்தால் ஷாட்டை நீட்ட முடியாது.

ஆசிரியை மறுபடியும்: தினமும் பார்த்தால் தினமும் ஏதோ உறுத்துகிறது. எப்போது நிறுத்துவது?

இன்று செய்த மாற்றங்களை முந்தின பிரதிகளோடு ஒப்பிடுங்கள். திங்களன்று 6 ஃபிரேம் எடுத்த இடத்தில் வியாழனன்று 5 ஃபிரேம் திரும்பச் சேர்த்திருந்தால், அந்த இடம் முடிந்துவிட்டது. பிறகு, பாட்டியைத் தெரியாத மூன்று பேருக்கு இடையில் நிறுத்தாமல் போட்டுக் காட்டுங்கள். எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். எங்கே போனை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, முடிந்ததும் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். மூவரும் ஒரே இடத்தில் தடுமாறினால் அது இன்னும் ரஃப் கட் பிரச்சினை, காட்சி வரிசைக்கே திரும்ப வேண்டும். யாருமே கவனிக்காதது உங்களுக்கு மட்டும் உறுத்தினால் லாக் செய்துவிடலாம்.

ஆசிரியை: பேரன் வரும் காட்சியை எடுத்தால் பாட்டி வருத்தப்படுவாரே?

அதற்கு என்னிடம் பதில் இல்லை டீச்சர். லாக்குக்கு முன்னாலேயே அவருக்குப் போட்டுக் காட்டிவிடுங்கள்.