மருத்துவ மொழிபெயர்ப்பாளரின் பயோடேட்டாவை எடைபோடுவது: கேள்வி பதில்

கேள்வி: மருந்துப் பரிசோதனையில் சேர்வோருக்கான ஒப்புதல் படிவங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்க ஆள் கேட்டிருந்தோம். ஒருவர் ஐந்து மொழிகள் எழுதியிருக்கிறார். கூடுதல் தகுதிதானே?

பதில்: எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு என்று எழுதியிருக்கிறாரா? அது இல்லாத பட்டியல் எனக்கு உதவாது. ஒருமுறை எட்டு ஆண்டு அனுபவம் என்ற பயோடேட்டாவை நம்பினேன். விசாரித்தால், அத்தனையும் தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலமாக்கிய வேலை. திசையும் வேறு, துறையும் வேறு. உங்கள் திசையில், உங்கள் துறையில் எத்தனை பக்கம் செய்தார் என்று கேளுங்கள்.

கேள்வி: மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலைப்படி ஐந்து ஆண்டு அனுபவம் போதுமே?

பதில்: பாதி சரி. ஐந்து ஆண்டு என்பது பட்டம் இல்லாதவருக்கு. வேறு துறைப் பட்டம் இருந்தால் இரண்டு ஆண்டு. மொழிபெயர்ப்பிலேயே பட்டம் இருந்தால் அனுபவக் கணக்கே கிடையாது. அனுபவமும் முழுநேர வேலைக்கு ஈடாக இருக்க வேண்டும். துறை அறிவு இருக்கிறதா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: மாதிரியில் எதைப் பார்ப்பீர்கள்? எனக்கு நடை நன்றாக இருந்தால் போதும் என்று தோன்றுகிறது.

பதில்: நல்ல நடைதான் என்னை ஏமாற்றியிருக்கிறது. நீங்கள் எந்தக் குழுவில் சேர்வீர்கள் என்பதைக் கணினி குலுக்கல்போல முடிவு செய்யும் என்பது மூலம். ஒருவர், “உங்களுக்கு ஏற்ற குழுவை மருத்துவர் தேர்ந்தெடுப்பார்” என்று எழுதியிருந்தார். தடங்கலில்லாத தமிழ், பொருள் தலைகீழ். தன் நலம் கருதி மருத்துவர் தேர்ந்தார் என்று நம்பி நோயாளி கையெழுத்திடுவார். இன்னொருவர் எழுதியது: “எந்தக் குழு என்பது குலுக்கல் முறையில் முடிவாகும்; அதை மருத்துவரோ நீங்களோ தேர்ந்தெடுக்க முடியாது.” கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனால் அவரைத்தான் அழைத்தேன்.

அடுத்து, மருந்தில்லாத மாத்திரை பற்றிய வரி. “மருந்துப்போலி வழங்கப்படலாம்” என்பது அகராதிக்குச் சரி, படிவத்துக்குப் போதாது. “உங்களுக்குத் தரும் மாத்திரையில் மருந்து இல்லாமலும் இருக்கலாம்” என்றால் எவருக்கும் புரியும். “இருக்கலாம்” என்பது “இருக்கும்” ஆகிவிட்டதா என்றும் பாருங்கள்.

அனுப்பிய மாதிரியை வேறு யாராவது திருத்தியிருக்கலாம். அதனால் உங்கள் படிவத்திலிருந்தே முந்நூறு சொல் கொடுத்து, கூலியும் கொடுத்துச் சோதியுங்கள்.

கேள்வி: மாதிரியை எந்த எழுத்துருவில் அனுப்ப வேண்டும் ஐயா?

பதில்: இங்கே பேச்சு அதுவல்ல. யூனிகோடில் அனுப்புங்கள்.

கேள்வி: நான் 14 ஆண்டு செவிலியர். மொழிபெயர்ப்பு அனுபவம் இல்லை. என் பயோடேட்டாவை ஒதுக்கிவிடுவீர்களா அண்ணா?

பதில்: தரநிலையைக் கண்டிப்பாகப் பார்க்கும் நிறுவனம் ஒதுக்கிவிடும், அம்மா. நான் சோதனைத்தாள் அனுப்புவேன். தேறினால், முதல் சில படிவங்களை அனுபவமுள்ளவர் ஒருவர் வரிக்கு வரி சரிபார்க்க வைப்பேன். என்னுடன் வேலை செய்பவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. செவிலியர்கள் மூலத்தில் இல்லாத விளக்கத்தையும் சேர்த்துவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். அதிலும் உண்மை இருக்கிறது.