சாப்பிடாமல் போன சின்னம்மா

கேள்வி: எனக்கு வயது 27. ஹட்டனில் ஒரு மண்டபத்தில் என் நிச்சயதார்த்தம் நடந்தது. என்னோடு ஒரே லயத்தில் வளர்ந்த தோழி இப்போது கொழும்பில் பேங்க் ஆபிசர். மாப்பிள்ளை வீட்டார் அவளைச் சுற்றியே இருந்தார்கள். நான் கிண்டலாக, "இந்த மேடம் ஆறாம் ஆண்டில் என் பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் ஸ்கூலுக்கு வந்தாங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். காலையிலிருந்தே சமையலுக்கு உதவிய அவளுடைய அம்மா சாப்பிடாமல் போய்விட்டார், பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். மூன்று நாள் கழித்து "மனசு நொந்திருந்தா சொரி டி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை. கல்யாணத்துக்குத் தோழிப்பெண்ணாக அவள்தான் நிற்க வேண்டும். எப்படிச் சமாதானப்படுத்துவது?
— பெயர் வேண்டாம், பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, பஸ்ஸை விடுங்கள். பட்டப்பகலில் ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு அடுத்த பஸ் வராமலா போய்விடும்? விடியற்காலையில் வந்து உங்கள் வீட்டு விசேஷத்துக்குத் தேங்காய் துருவிய ஒரு பெண், இலை போடும் நேரத்தில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். நல்ல காரியம் நடந்த இடத்திலிருந்து கை நனைக்காமல் போவதற்கு நம் ஆட்களிடையே என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பஸ் மேல் பழி போட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் கேலி செய்தது தோழியை மட்டுமல்ல. ஆறாம் ஆண்டுப் பிள்ளை தானாகவா சப்பாத்து வாங்கும்? சீருடைத் துணியை அரசாங்கம் கொடுத்தது, சப்பாத்தை வீட்டார்தான் வாங்க வேண்டும். நீங்கள் இருவரும் ஆறாம் ஆண்டுக்குப் போன காலத்தை நினைத்துப் பாருங்கள். 2009 கூட்டு ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 285 ரூபா. வரவுக் கொடுப்பனவும் விலைப் பங்கும் முழுதாகக் கிடைத்தால்தான் 405. பள்ளிக்கூடம் தொடங்குவது ஜனவரியில், அந்த மாதச் சம்பளத்தில் தீபாவளி முற்பணமும் வெட்டுப்படும். அப்படிப்பட்ட ஒரு ஜனவரியில் அந்தத் தாய் என்ன கணக்குப் போட்டிருப்பார்? பிள்ளையைப் படிப்பு நிற்காமல் அனுப்ப வேண்டும் என்று, அடுத்த காம்பிராப் பிள்ளையின் பழைய சப்பாத்தை வாங்கிக்கொண்டார். முப்பது நாற்பது பேர் இருந்த சபையில் நீங்கள் சிரிக்கக் கொடுத்தது அந்தத் தாயின் இயலாமையைத்தான்.

உங்கள் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். அந்தச் சப்பாத்தை எந்த நேரத்தில், எப்படிக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று. நிச்சயம் பீலிக்கரையில் வைத்து, பத்துப் பேர் பார்க்கக் கொடுத்திருக்க மாட்டார். ஒரு சுவர் தள்ளி அடுத்த குடும்பம் இருக்கிற லயத்தில், பக்கத்து வீட்டுக் கஷ்டம் எல்லாம் நம் காதில் விழும். விழுந்ததை வாசல் தாண்ட விடாமல் வைத்திருப்பது அந்த லயத்துப் பிள்ளையின் கடமை. உங்கள் அம்மா அதைக் காத்தார், நீங்கள் உடைத்தீர்கள். எனக்கு இதில் இரண்டு பேச்சு கிடையாது.

அதனால் முதலில் போக வேண்டிய இடம் தோழியிடம் அல்ல, அவளுடைய அம்மாவிடம். ஞாயிற்றுக்கிழமை காலையில், மலைக்குப் போகாத நாளில், தனியாகப் போங்கள். பழம், பிஸ்கட், சேலை எதுவும் வேண்டாம். அந்த வீட்டுக்கு நீங்கள் இன்னொரு தரம் கொடுக்கிறவராகப் போகக் கூடாது. கல்யாணக் காகிதத்தையும் எடுத்துப்போகாதீர்கள். காகிதத்தையும் மன்னிப்பையும் சேர்த்து நீட்டினால், தேதிக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று எவருக்கும் புரியும்.

உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "சின்னம்மா, அன்னைக்கு சபையில சப்பாத்துக் கதைய நான் சொல்லியிருக்கக் கூடாது. அது ஒங்க வீட்டுக் கஷ்டம். ஒங்களத் தலகுனிய வச்சிட்டேன். என்னை மன்னிச்சிருங்க." அதோடு வாயை மூடுங்கள். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்றோ, எல்லாரும் சிரித்தார்களே என்றோ ஒரு வார்த்தை சேர்த்தாலும் கேட்ட மன்னிப்பு போச்சு. அங்கே உட்கார்ந்து அழவும் வேண்டாம். நீங்கள் அழுதால் அவர்தான் எழுந்து உங்களைத் தேற்ற வேண்டிவரும்.

அவர் பெரும்பாலும், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, தேத்தண்ணி குடி" என்பார். அதை நம்பி, விஷயம் முடிந்தது என்று இறங்கி வந்துவிடாதீர்கள். கல்யாண வேலை எவ்வளவில் இருக்கிறது, கூரைச் சேலை எடுத்தாயிற்றா என்று அவராகக் கேட்டால் மனம் கொஞ்சம் இளகியிருக்கிறது. ஒன்றும் கேட்காமல் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனால், காயம் அப்படியே இருக்கிறது. ஏசினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஏசுகிற வீட்டில் உறவு இன்னும் இருக்கிறது. "மகளிடம் எடுத்துச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அவரைத் தூது அனுப்புவது உங்கள் வேலையை அவர் தலையில் கட்டுவது.

அப்புறம் தோழி. "நொந்திருந்தா" என்று எழுதினீர்களே, அவளுடைய அம்மா பட்டினியாகப் போன பிறகும் அதில் உங்களுக்குச் சந்தேகமா? அவளும் சிரித்தாள் என்கிறீர்கள். புது ஆட்கள் நிறைந்த சபையில், கூட்டாளியின் நிச்சயதார்த்தத்தில், அவள் வேறென்ன செய்திருக்க முடியும்? முகம் சுளித்திருந்தால் நல்ல காரியத்தைக் கெடுத்தவள் என்ற பெயர் அவளுக்குத்தான் வந்திருக்கும். உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் சிரித்தாள்.

ஹட்டனில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போய், நேரில் பாருங்கள். வரலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள், வேலை இடத்தில் போய் நிற்காதீர்கள். அவளிடம் சொல்வதற்கு இன்னொன்று இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அவளைச் சுற்றியே இருந்தார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு எரிந்தது, அவளை ஒரு படி கீழே இறக்கத்தான் பழைய சப்பாத்து ஞாபகம் வந்தது. இதை அவள் ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பாள். "எனக்குப் பொறாமையா இருந்துச்சு, அதான் சொன்னேன்" என்பதை உங்கள் வாயால் கேட்டால்தான் நீங்கள் உண்மை பேசுகிறீர்கள் என்று நம்புவாள். முதலில் அம்மாவைப் போய்ப் பார்த்தீர்கள் என்பது அவள் காதுக்குத் தானாகப் போகும், நீங்கள் அதைச் சொல்லிப் பெருமை தேட வேண்டாம்.

சபையில் சொன்னதைச் சபையிலும் திருத்த வேண்டும். ஆனால் அதற்கு முன் அவளிடம் கேளுங்கள். அந்தப் பேச்சையே இனி எவரும் எடுக்க வேண்டாம் என்று அவள் நினைத்தால் அதற்குக் கட்டுப்படுங்கள். சரி என்றால், உங்கள் வருங்கால மாமியாரிடமும் அன்று பக்கத்தில் நின்றவர்களிடமும், "அன்னைக்கு நான் பேசினது தப்பு, அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கப் போய்ச் சப்பாத்துக் கதையை மறுபடி சொல்லிவிடாதீர்கள். இனி யாராவது அந்தக் கதையை எடுத்துச் சிரித்தால், அது மாப்பிள்ளையே ஆனாலும், அந்த இடத்திலேயே நிறுத்துவது உங்கள் பொறுப்பு.

தோழிப்பெண் விஷயத்தை நீங்களாக எடுக்க வேண்டாம். கல்யாணத் தேதி உங்களுக்குத்தான் அவசரம், அவளுக்கு இல்லை. பக்கத்தில் நிற்க வேறு ஒரு பெண்ணைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். காகிதம் கொடுக்கும் நாளில் உங்கள் அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு முறைப்படி அந்தச் சின்னம்மா வீட்டுக்குப் போங்கள், அவர்களை அழையுங்கள். சமையலுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.