கர்ப்பப்பை வாய் கேன்சர், கரண்ட் வெச்சதுக்கு அப்புறம் தாம்பத்தியம்: கேள்வி பதில்

"சிஸ்டர், வயசு 42. 25 கரண்ட் வெச்சு, உள் கரண்ட்டும் வெச்சாங்க. முடிஞ்சு நாலு மாசம். போன வாரம் சேரலாம்னு பாத்தோம், உயிர் போற வலி, உள்ள போகவே இல்ல."

ரேடியேஷன் வார்டுல 14 வருஷமா இருக்கேன்மா, இத கேக்காத மாசமே இல்ல. கரண்ட் பட்ட எடத்துல ரத்த ஓட்டம் கொறஞ்சு தோல் இறுகிடும், பிறப்புறுப்பு சுருங்கி நீளமும் கொறையும், சினைப்பையும் ஓஞ்சு போறதால ஈரம் வராது. மொதல்ல டாக்டர் ஒரு தடவ உள்ள பாக்கட்டும், புண்ணோ ஒட்டலோ இருந்தா அத தெரிஞ்சுக்காம எதுவும் ஆரம்பிக்கக் கூடாது. அவங்க சரின்னு சொன்னா டைலேட்டர்னு ஒண்ணு இருக்கு, விரல் கனத்துல ஆரம்பிச்சு படிப்படியா பெருசாகுற வழுவழுப்பான குழாய். மல்லாந்து படுத்து முட்டிய மடக்கி, தண்ணி சேர்ந்த ஜெல் நல்லா தடவி, மூச்ச விடும்போது முதுகு பக்கமா சாய்ச்சு மெதுவா உள்ள விடணும், தடுக்குற எடத்துல நிறுத்தி அஞ்சு பத்து நிமிஷம் அப்படியே இருக்கணும். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ. லேசா ரத்தக்கற பட்டா பயப்படாதீங்க, ஆனா செவசெவன்னு கொட்டுனாலோ நாத்தத்தோட வெள்ளப்பட்டாலோ அன்னைக்கே வாங்க.

"அக்கா, இதுக்கெல்லாம் எதுக்கு டைலேட்டர்? எங்க அம்மாவுக்கு தேங்காய் எண்ணெய் தான் தடவுனோம், சரியாயிடுச்சு."

வறட்சிக்கு அது கொஞ்சம் உதவும் தான், ஆனா சுருக்கத்த விரிக்காது, ரெண்டும் வேற வேற பிரச்சனை. காண்டம் போடுறவங்க எண்ணெய் தொடவே கூடாது, ரப்பர் கிழிஞ்சுடும். வறட்சி ரொம்ப இருந்தா ஈஸ்ட்ரோஜன் கிரீம் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, கர்ப்பப்பை வாய் கேன்சர்ல பெரும்பாலானவங்களுக்கு தர்றாங்க. மார்பக கேன்சர் மாத்திர சாப்புடுறவங்க மட்டும் பக்கத்து வீட்டுக்காரங்க கிரீம வாங்கி தடவிடாதீங்க, அவங்களுக்கு கணக்கே வேற.

"என் மனைவிக்கு ட்ரீட்மெண்ட் முடிஞ்சு ஆறு மாசம். சேர்ந்தா எனக்கும் கரண்ட் ஏறும், நோய் திரும்பும்னு அம்மா சொல்றாங்க. நான் ஹால்ல தான் படுக்குறேன், அவளுக்கு வலிக்குமேன்னு."

கரண்ட் ஏறாது தம்பி, மெஷின் நின்னதும் அது முடிஞ்சுபோச்சு. சேர்றதால கேன்சர் திரும்புறதும் இல்ல, உங்களுக்கு ஒட்டுறதும் இல்ல. இதுக்கு காரணமான வைரஸ் எப்பவோ, பல வருஷத்துக்கு முன்னாடி வந்திருக்கும், யாருகிட்ட இருந்துன்னு தோண்டாதீங்க, தெரியவே தெரியாது.

உங்கள மாதிரியே ஒரு ஜோடி எங்க வார்டுக்கு வந்தாங்க. அவரு பாய ஹாலுக்கு மாத்துனாரு, காரணம் சொல்லல. அந்தம்மா மூணு மாசமா "என்ன பாத்தா அருவருப்பா இருக்கு போல"ன்னு நெனச்சு அழுதிருக்காங்க. அவரு நெனச்சது, தொட்டா தையல் பிரிஞ்சுடும்னு, தையலே போடாத ட்ரீட்மெண்ட்டுக்கு! நான் சொன்னது ஒண்ணு தான், பாய உள்ள போடுங்க, இன்னைக்கு சேர வேணாம்னு மொதல்லயே வாய்விட்டு சொல்லிடுங்க, அப்புறம் பக்கத்துல படுத்து எங்க தொட்டா நல்லா இருக்கு, எங்க வேணாம்னு அவங்கள சொல்லச் சொல்லுங்க. "வலிச்சா கைய தட்டுறேன், நிறுத்திடுங்க"ன்னு அவங்களே ஒரு சைக வெச்சுக்கிட்டாங்க. டைலேட்டர் பழகி அப்புறம் தான் சேந்தாங்க, அந்தம்மா மேல இருந்தா ஆழத்த அவங்களே பாத்துக்கலாம்னு கண்டுபிடிச்சதும் அவங்க தான்.

"எனக்கு 61, ப்ராஸ்டேட் எடுத்து 8 மாசம். நானும் டைலேட்டர் வாங்கலாமா?"

ஐயா, அது பொம்பளைங்களுக்கு. விறைப்பு வரலன்னு தான் கேக்குறீங்கன்னு நெனைக்கிறேன். அந்த நரம்பு தேறுறதுக்கு ஒண்ணரை ரெண்டு வருஷம் கூட ஆகலாம், யூராலஜி டாக்டர்ட்ட மாத்திர, பம்ப் பத்தி கேளுங்க. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திர இருந்தா கட்டாயம் சொல்லிடுங்க, ரெண்டும் சேந்தா பிரஷர் மளமளன்னு எறங்கிடும்.

"ஆம்பள டாக்டர்கிட்ட இத எப்படி சொல்றது? வாயே வரல."

செக்கப்புக்கு போறப்ப ஒரு துண்டுச்சீட்டுல "சேரும்போது வலி, ரத்தம், எத்தன நாளா"ன்னு எழுதி நர்ஸ்கிட்ட குடுங்க. "குடும்ப வாழ்க்கைல கஷ்டம்"னு சொன்னா அவசரத்துல வீட்டு சண்டைன்னு நெனச்சு அடுத்த ஆள கூப்டுடுவாங்க, "சேரும்போது வலிக்குது"ன்னு நேரா சொல்லுங்க.

"புருஷன் தவறிட்டாரு. எனக்கும் டைலேட்டர் வேணும்னு சொல்றாங்க, எதுக்கு?"

மூடிக்கிட்டா செக்கப்புல உள்ள பாக்கவே முடியாதும்மா, நோய் திரும்புதான்னு கண்டுபிடிக்க அந்த வழி வேணும். எத்தன காலத்துக்குன்னு டாக்டர்களுக்குள்ளயே ஒரே பேச்சு இல்ல, ரெண்டு வருஷம்ங்கறவங்க இருக்காங்க, அதுக்கு மேலயும்ங்கறவங்க இருக்காங்க. உங்கள பாக்குற டாக்டர் நிறுத்தச் சொல்றவரைக்கும் விடாதீங்க.