பன்னிரண்டு பல்பில் இரண்டு பழுது: விடை சரியா என்று பார்ப்பது எப்படி?

ஈசூன், ஜேசி இரண்டாம் ஆண்டு மாணவி: டீச்சர், ஒரு தொழிற்சாலையில் தயாராகும் பல்புகளில் 5% பழுது. 12 எடுத்தால் சரியாக 2 பழுதாக இருக்கும் நிகழ்தகவு கேட்டிருந்தார்கள். 0.05² × 0.95¹⁰ போட்டேன், 0.0015 வந்தது. விடைத்தாளில் 0.0988. எங்கே தப்பு?

நீங்கள் போட்ட கணக்கு தப்பில்லை, பாதியில் நிற்கிறது. 0.0015 என்பது முதல் பல்பும் இரண்டாவது பல்பும் பழுது, மீதி பத்தும் நல்லது என்ற ஒரே ஒரு அமைப்புக்கான விடை. பழுதானவை மூன்றாவதும் எட்டாவதுமாக இருக்கலாம், ஐந்தாவதும் கடைசியுமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அதே 0.0015 தான். இப்படி எத்தனை ஜோடி? முதல் இடத்துக்கு 12 வாய்ப்பு, அடுத்ததுக்கு 11. ஆனால் (3, 8), (8, 3) இரண்டும் ஒரே ஜோடி, அதனால் 2-ஆல் வகுக்க வேண்டும்: 12 × 11 ÷ 2 = 66. அதை 0.0014968-ஓடு பெருக்கினால் 0.0988.

0.0015 வந்தபோதே சந்தேகப்பட்டிருக்கலாம். 5% பழுது என்றால் நூற்றில் ஐந்து. ஒரு டஜனில் இரண்டு மாட்டுவது அவ்வளவு அபூர்வமா என்ன? ஆயிரம் டஜனில் ஒன்றோ இரண்டோ தான் அப்படி இருக்கும் என்கிறது உங்கள் விடை.

பாலிடெக்னிக் மாணவர், தெம்பனிஸ்: 12 பல்பையும் ஒரே கையாக அள்ளினால் வரிசையே கிடையாதே. அப்புறம் எதற்கு 66? வரிசை பார்த்தால் 132, பார்க்காவிட்டால் 1. நடுவில் 66 எப்படி வந்தது?

வரிசை கிடையாது என்பது சரி. அதனால்தான் 132 இல்லை. ஆனால் அள்ளி எடுத்தாலும் 12 பல்பும் தனித்தனி பல்புதான். எந்த இரண்டு பழுது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 66 எண்ணுவது எடுத்த வரிசையை அல்ல, பழுதான இரண்டும் எவை என்பதை.

நம்பிக்கை வராவிட்டால் மூன்றே பல்பு வைத்துப் பாருங்கள். பழுது 0, 1, 2, 3, இந்த நான்கில் ஒன்று நடந்தே தீரும், ஆகவே நான்கின் நிகழ்தகவும் சேர்ந்து 1 வர வேண்டும். வழிகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கூட்டுங்கள்:

0.857375 + 0.045125 + 0.002375 + 0.000125 = 0.905

கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. நடுவில் உள்ள இரண்டையும் மும்மூன்றால் பெருக்கிக் கூட்டினால் சரியாக 1. நீங்கள் சொல்கிறபடி இரட்டிப்பாக எண்ணினால் 1-ஐத் தாண்டிவிடும். வழிகளை எண்ணியது சரியா என்று பார்க்க இதைவிடச் சுலபமான சோதனை எனக்குத் தெரியவில்லை.

முதலில் கேட்ட மாணவி: சரி டீச்சர், அடுத்த பகுதி "குறைந்தது 2 பழுது". 1-லிருந்து 0, 1, 2 மூன்றையும் கழித்தேன். 0.0196. இது சரிதானே?

சரியில்லை. கணக்கைத் திறக்காமலே சொல்லலாம். "சரியாக 2" மட்டுமே 0.0988. "குறைந்தது 2" என்பதில் அதுவும் உண்டு, 3, 4 என்று மேலே உள்ளவையும் உண்டு. அது எப்படி 0.0988-ஐவிடச் சிறியதாக இருக்கும்? நீங்கள் கண்டுபிடித்தது "குறைந்தது 3".

கழிக்க உட்காரும் முன் 0 முதல் 12 வரை ஒரு வரியில் எழுதி, வேண்டியதை வட்டமிடுங்கள். இங்கே 2 முதல் 12 வரை வட்டத்துக்குள். வெளியே நிற்பது 0, 1 மட்டும். பதினொரு எண்களைக் கூட்டுவதற்குப் பதில் இரண்டைக் கழிக்கிறோம், குறுக்குவழி அவ்வளவுதான். "அதிகபட்சம் 1" என்று கேட்டால் இது தேவையே இல்லை, நேராகக் கூட்டிவிடலாம். சிலர் பழக்கதோஷத்தில் அங்கேயும் 1-லிருந்து கழிக்கிறார்கள்.

எதுவும் பழுதில்லை: 0.95¹² = 0.540360
ஒன்று மட்டும் பழுது: 12 × 0.05 × 0.95¹¹ = 0.341280
விடை: 1 − 0.881640 = 0.118360

ஒரு எச்சரிக்கை. விடையை மூன்று முக்கிய இலக்கத்துக்குத் தரச் சொல்வார்கள் என்று நடுவிலேயே சுருக்கிவிடாதீர்கள். 0.540-உம் 0.341-உம் எழுதிக் கழித்தால் 0.119 வரும். சரியான விடை 0.118. கால்குலேட்டரில் இப்படி:

```
binompdf(12,0.05,2)
1-binomcdf(12,0.05,1)
```

இரண்டாவது வரியின் கடைசி எண் 1, 2 இல்லை. அங்கே 2 போட்டால் உங்களுடைய 0.0196 திரும்ப வரும்.

ஒரு தாயார், சுவா சூ காங்: என் மகன் சராசரி 0.6 என்று எழுதியிருக்கிறான். ஒன்றுகூட முழுசாக இல்லை. அப்படியென்றால் இரண்டு பழுது வரவே வராது, கேள்வியே தப்பு என்றுதானே அர்த்தம்?

இல்லைங்க. பல டஜன்களைச் சேர்த்துப் பார்த்தால் டஜனுக்கு சராசரியாக 12 × 0.05 = 0.6 பழுது விழும் என்பதுதான் அது. பாதிக்கு மேல் டஜன்களில் பழுதே இருக்காது, அதை ஈடுகட்ட சிலவற்றில் இரண்டு மூன்று இருந்தாக வேண்டும். 0.118 என்றால் எட்டு ஒன்பது டஜனுக்கு ஒரு தடவை. மகன் எழுதியது சரிதான்.

துவாஸில் வேலை, கியூசி பிரிவு: தங்கச்சி, எங்க இடத்தில் ஒரு பெட்டியில் 40 பீஸ். அதில் 2 ரிஜெக்ட் என்று பின்னாடி முழுசாகப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது. நாங்க முதலில் எடுத்த 12-லேயே இரண்டும் இருந்தது. 2/40 என்றால் 5% தானே, அதே 0.0988 போடலாமா?

போடக்கூடாது அண்ணே. 5% ஒன்றாக இருந்தாலும் கணக்கு வேறு. பல்புக் கணக்கில் ஒன்று பழுதானதால் அடுத்ததன் வாய்ப்பு மாறுவதில்லை. உங்கள் பெட்டியில் ஒரு ரிஜெக்ட் கைக்கு வந்துவிட்டால் மீதி 39-இல் ஒன்றுதான். இரண்டு ரிஜெக்ட்டும் எடுத்த 12-க்குள் இருக்க (12/40) × (11/39) = 0.0846. பெட்டியில் மூன்றாவது ரிஜெக்ட் இல்லாததால் "குறைந்தது 2"-க்கும் இதே விடை. 0.118-ஓடு ஒப்பிட்டால் வித்தியாசம் கணிசமானது. பெட்டிக்குப் பதில் சில ஆயிரம் பீஸ் உள்ள லாட்டிலிருந்து 12 எடுத்திருந்தால் பல்புக்குப் போட்ட பைனாமியல் கணக்கே போதும், மூன்றாவது இலக்கத்தில்கூட அநேகமாகத் தெரியாது.

அதே அண்ணன்: லாட் பெரிசுதான் ஒரு நாள். ஆனால் மோல்டு தேய்ந்துவிட்டால் ரிஜெக்ட் தொடர்ச்சியாக வரும். அப்போது?

நீங்கள் சொல்வது பாடப்புத்தகக் கேள்வி தொடாத இடம். ஒன்று பழுதானால் பக்கத்துப் பீஸும் பழுதாக இருக்க வாய்ப்பு கூடும் என்றால், 66-உம் சரி, கழித்தலும் சரி, ஆனாலும் 0.118-ஐ நம்ப முடியாது. 12-ஐயும் லைனிலிருந்து வரிசையாக எடுக்காமல் லாட் முழுக்கப் பரவலாக எடுத்தால் அந்தச் சிக்கல் பெருமளவு குறையும். வரிசையாக எடுத்ததுதான் கையில் இருக்கிறது என்றால், ரிஜெக்ட் எந்தெந்த இடத்தில் விழுந்தது என்ற பதிவு வேண்டும். இருந்தால் அனுப்புங்கள் அண்ணே, பார்க்கிறேன்.