குறையுள்ள பொருளுக்குப் பணம் திரும்பக் கேட்க எவ்வளவு காலம் இருக்கிறது?

"வாஷிங் மெஷின் வாங்கி இரண்டே மாதத்தில் பழுது. கடைக்காரர் இழுத்தடிக்கிறார். எப்போது வரை புகார் கொடுக்கலாம்?"

இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகள். பில் தேதியிலிருந்து அல்ல, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து. 2024 மார்ச் 5 அன்று பழுது தெரிந்தது என்றால், 2026 மார்ச் தொடக்கத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போய்ச் சேர வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான்: "பார்க்கிறோம் சார்" என்ற பதில்களும் நீங்கள் அனுப்பும் நினைவூட்டல்களும் பொதுவாக இந்தக் கெடுவை நீட்டிக்காது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

பணம் திரும்பப் பெறுவதற்குத் தனிக் கணக்கு. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள் பணம் தர வேண்டும். பில்லில் எதுவும் இல்லையென்றால் 30 நாள். மறுத்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை. நிறம் பிடிக்கவில்லை என்பது குறை ஆகாது.

சரி, முதலில் எழுத்தில் கேளுங்கள். அப்புறம் பில், மெக்கானிக் தந்த சர்வீஸ் சீட்டு இரண்டையும் வைத்து மனு போடுங்கள். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம்.