லேபிள் டிசைனர் சொன்ன விலையைக் குறைத்துக் கேட்பது எப்படி?

கேள்வி: மார்த்தாண்டத்தில் தேன் வியாபாரம். தேன், இஞ்சித்தேன், நெல்லித்தேன் மூன்றுக்கும் 250 கிராம், 500 கிராம், 1 கிலோ என்று ஒன்பது லேபிள் வேண்டும். ஃப்ரீலான்ஸ் டிசைனர் ஒருத்தர் 27,000 சொல்கிறார். என்னிடம் 18,000தான் இருக்கு. அவங்க மனசு நோகாம எப்படிக் கேக்கணும்?

பதில்: வடசேரி சந்தையில் வாழைத்தாருக்குப் பேசுகிற மாதிரி பாதியில் ஆரம்பிக்காதீர்கள். அங்கே பேரத்துக்கென்று கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். டிசைனர் சொல்வது பெரும்பாலும் அவருடைய நாள்கணக்கு. வேலை அப்படியே இருக்க, விலையை மட்டும் குறைக்கச் சொன்னால் "உன் நாளுக்கு இவ்வளவு மதிப்பு இல்லை" என்றுதான் அவர் காதில் விழும். வேலையைக் குறையுங்கள், விலை தானாக இறங்கும்.

ஒன்பது லேபிள் என்றாலும் முழு வேலை முதல் டிசைனில்தான். மற்ற எட்டும் பெயர், நிறம், அளவு மாற்றுவது. அதனால் முதலில் விலையைப் பிரித்துக் கேளுங்கள். ஃபோனில் வேண்டாம், அவர் யோசிக்க நேரம் கிடைக்கும்படி வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்:

"மேடம், நீங்க செஞ்ச மிளகு பாக்கெட் லேபிள் பார்த்துத்தான் உங்ககிட்ட வந்தேன். நீங்க சொன்ன விலையில எனக்குக் குறை இல்ல. என் கையில இப்ப 18,000தான் இருக்கு. மெயின் டிசைனுக்கு எவ்வளவு, மத்த எட்டுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியுமா? இப்ப எதைத் தள்ளிப் போடலாம்னு பாக்கறேன்."

பாராட்டும்போது அவர் செய்த ஒன்றை நிஜமாகவே பார்த்து, பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "சூப்பரா பண்றீங்க" என்பது விலை குறைக்கப் போடும் முன்னுரை என்று எல்லோருக்கும் தெரியும்.

மெயின் டிசைன் 9,000, மற்றது ஒவ்வொன்றும் 2,250 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோ பாட்டில் மெதுவாகப் போகிற சரக்கு என்றால் அந்த மூன்று லேபிளை இப்போது விடலாம். 6,750 குறைந்து 20,250க்கு வந்துவிடும். மீதிக்கு நீங்கள் ஏதாவது கொடுக்க வேண்டும். எடை, எம்ஆர்பி, எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், பேட்ச் எண்ணுக்கான இடம், தயாரிப்பாளர் முகவரி எல்லாவற்றையும் பிழை பார்த்து, ஒரே ஃபைலில், தொடங்கும் முன்பே அனுப்புங்கள். டிசைனரை அதிகம் இழுத்தடிப்பது இந்த எழுத்துகள் தவணை தவணையாக வருவதுதான். மூன்று தடவை திருத்தம் என்பதை இரண்டாக்குங்கள், பாதிப் பணம் முன்பணம் என்று சொல்லுங்கள். இதையெல்லாம் வைத்து 18,000 கேட்டால் அது நியாயமான பேச்சு. அவர் 19,000 என்று நின்றால் ஒத்துக்கொள்ளுங்கள்.

"என் மருமகன் கேன்வாவில் அரைமணி நேரத்தில் செய்வான்", "இன்னொருத்தர் 10,000தான் கேட்டார்" என்ற இரண்டையும் சொல்லவே வேண்டாம். "அடுத்து நிறைய வேலை தருவேன்" என்பதும் வேண்டாம், தேதியும் எண்ணிக்கையும் கையில் இல்லாதவரை அதற்கு மதிப்பில்லை.

பேசி முடித்ததும் ஆறு லேபிள், இரண்டு திருத்தம், தொகை, ஒப்படைக்கும் தேதி எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுதி அவரிடம் "சரி" வாங்குங்கள். பிறகு 1 கிலோ லேபிள் வேண்டுமானால் அதே 2,250 கொடுத்துக் கேளுங்கள், "அப்படியே அதையும் சேர்த்துடுங்க" என்று நடுவில் நுழைக்காதீர்கள்.